குடியிருந்தவருக்கு நற்சான்று எழுதும் முன்

உன் வேளச்சேரி ஃப்ளாட்டில் குடியிருக்கும் தம்பிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு கிளம்புகிறார்கள் என்று சொன்னாய். அங்கே வீடு தரப்போகிறவர், "இப்ப இருக்கிற ஓனர்கிட்ட நாலு வரி எழுதி வாங்கிட்டு வாங்க" என்று கேட்டிருக்கிறாராம். "நல்ல குடும்பம்க்கா, 'நல்லபடியா இருந்தாங்க'ன்னு எழுதிக் கொடுத்துடறேன்" என்றாய். அந்த ஒரு வரி யாருக்கும் உதவாது. சீக்கிரம் காலி செய்யட்டும் என்று நினைக்கிற ஓனரும் அதே வரியைத்தான் எழுதுவார். அதனால் கோயம்புத்தூர்க்காரர் அதை நம்பமாட்டார். மூன்று வருஷம் ஒழுங்காக இருந்த அந்தத் தம்பிக்கும் அதில் ஒரு பலனும் இல்லை.

நீ எழுத வேண்டியது மூன்றே விஷயம்: வாடகை எப்படி வந்தது, வீட்டை எப்படி வைத்திருந்தார்கள், அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள். மூன்றிலும் நீ பார்த்ததை, காட்ட முடிந்ததை மட்டும் எழுது.

முதலில் பாங்க் கணக்கு

வாடகை விஷயத்தில் உன் ஞாபகத்தை நம்பாதே. லேட்டாக வந்த ஒரு மாதம் மனதில் தங்கிவிடும், சரியாக வந்த முப்பது மாதம் மறந்துவிடும். பாங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஒரு தாளில் மாதத்தையும் பணம் வந்த தேதியையும் வரிசையாக எழுது. நீ அனுப்பியதை நான் அப்படி எழுதிப் பார்த்துவிட்டேன். அக்ரிமென்ட்படி 5-ஆம் தேதிக்குள் 18,000 ரூபாய் வர வேண்டும். 36 மாதத்தில் 30 மாதம் 5-க்குள் வந்திருக்கிறது. இரண்டு மாதம் 6-ஆம் தேதி வந்திருக்கிறது, இரண்டுமே 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதைத் தாமதம் என்று சொல்வது நியாயமில்லை.

மீதி நாலு மாதத்தைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் வருஷம் தொடர்ந்து மூன்று மாதம் 20-ஆம் தேதி வாக்கில் வந்திருக்கிறது. அந்த மூன்று மாதமும் 2-ஆம் தேதியே உனக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார், சொன்ன தேதியில் முழுத் தொகையும் போட்டிருக்கிறார். இன்னொரு மாதம் ஒன்றுமே சொல்லவில்லை. நீ 9-ஆம் தேதி கேட்டாய், 11-ஆம் தேதி வந்தது. இந்த இரண்டும் வேறு வேறு. முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சொன்ன நாளில் கொடுப்பவரை எந்த ஓனரும் வைத்துக்கொள்வார். கேட்டால்தான் வரும் என்கிற ஆளோடு காலம் தள்ளுவதுதான் கஷ்டம். புது ஓனர் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த வித்தியாசத்தைத்தான். 36-இல் ஒரு தடவை கேட்க நேர்ந்ததைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. அதுவே ஆறேழு தடவை என்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த மூன்று மாதம் ஏன் லேட்டானது என்று உனக்குத் தெரியும். அவர் கம்பெனியில் சம்பளம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை எழுதாதே. அது அவர் உன்னிடம் நம்பிச் சொன்னது. அதைப் படித்தால் புது ஓனருக்கு, 'இவருக்கு வருமானம் நிலையில்லையோ' என்று தோன்றும். "முன்பே தெரிவித்து, சொன்ன தேதியில் கொடுத்தார்" என்பது போதும்.

இன்னொன்று. நம் ஊரில் காலி செய்கிறவர்கள் கடைசி இரண்டு மாத வாடகையை, "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று சொல்வது வழக்கம். நீ சரி என்று சொல்லியிருந்தால் அது பாக்கி ஆகாது, கடிதத்தில் அந்தப் பேச்சே வரக்கூடாது. உன்னைக் கேட்காமல் அவரே நிறுத்திக்கொண்டார் என்றால் எழுதலாம். அந்தத் தம்பி கடைசி மாதம்வரை போட்டிருக்கிறார், அதனால் உனக்கு அந்தத் தலைவலி இல்லை.

வாடகையோடு சேர்த்து கரன்ட் பில்லையும் மெயின்டனன்ஸையும் பார். மின்வாரியம் நம்மிடம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங் எடுக்கிறது. நடுவில் காலி செய்தால், அதுவரை ஓடிய யூனிட்டுக்குப் பில் பிறகுதான் வரும். அதை, "கரன்ட் பில் கட்டாமல் போய்விட்டார்" என்று சொல்லும் ஓனர்களைப் பார்த்திருக்கிறேன். சாவி வாங்கும் அன்று இருவருமாக மீட்டரைப் போட்டோ எடுத்து, கடைசி ரீடிங்கிலிருந்து ஓடிய யூனிட்டுக்குக் கணக்குப் போட்டு அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டை வெளிச்சத்தில் பார்

சாமான் எல்லாம் லாரியில் ஏறிய பிறகு, பகல் வெளிச்சத்தில், அவரும் கூட இருக்கும்போது வீட்டைச் சுற்றிப் பார். ஃப்ரிட்ஜ் நின்ற இடத்துப் பின்சுவர், கட்டிலுக்கு அடியில், சிங்குக்குக் கீழே, பாத்ரூம் கதவின் அடிப்பக்கம், இவையெல்லாம் சாமான் இருக்கும்போது தெரியாது. அவர் குடிவந்த அன்று நீ எடுத்த போட்டோக்கள் உன் போனில் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு பார். அப்போதே இருந்த கறையை இப்போது அவர் தலையில் கட்டிவிடக்கூடாது.

எது யார் பொறுப்பு என்பதில்தான் ஓனர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் 2017-இல் வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் இருவரின் உரிமைகளுக்கும் பொறுப்புகளுக்கும் ஒரு சட்டம் வந்தது. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, குழாய் பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, தாழ்ப்பாள், கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி பேசியிருந்தால் அதன்படி. சாதாரணமாகப் புழங்கித் தேய்ந்ததற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது. ஆக, உன் அக்ரிமென்ட்டில் பெயின்ட் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாதபோது, ஹாலில் குழந்தை கிரேயானால் கிறுக்கியிருக்கிறது என்பதற்காக, "வீட்டைப் பாழாக்கிவிட்டார்கள்" என்று சொல்லக்கூடாது. மூன்று வருஷமான டிஸ்டெம்பரை எப்படியும் நீ அடிக்கத்தான் போகிறாய்.

உன் வீட்டில் என்னென்ன இருந்தது என்று நீ போனில் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பாத்ரூம் டேப்பிலும் டைல்ஸிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது என்றாய். அது போர் தண்ணீரின் வேலை. எவ்வளவு தேய்த்தாலும் மறுபடி படியும். அதை வைத்து அவர்கள் சுத்தத்தை எடை போடாதே. சுத்தத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சமையலறைக்குப் போ. அடுப்புக்கு மேலே இருக்கும் டைல்ஸில் விரலை வைத்துப் பார். எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டி, விரல் தடம் பதிந்தால் மாதக்கணக்கில் துடைக்கவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையைப் பார். சிங்கில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி, நிற்காமல் போகிறதா என்று பார். நீ பார்த்தபோது டைல்ஸ் சுத்தமாக இருந்தது, ஃபேன் மட்டும் பிசுக்காக இருந்தது. அது எல்லார் வீட்டிலும் இருப்பதுதான்.

பெட்ரூம் வடக்குச் சுவரில் ஓதம். உனக்கு அதுதான் பெரிய குறையாகத் தெரிந்தது. நீ நன்றாக யோசித்துப் பார். முதல் மழைக்கே அவர் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார் அல்லவா? வெளிச்சுவர் விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று கொத்தனாரும் சொன்னார். வெளிப்பக்கம் பூச வேண்டியது உன் வேலை. அதில் அவருக்குக் குறை இல்லை, மாறாக அது அவருக்குச் சேர வேண்டிய நல்ல பெயர். கசிவை முதல் நாளே சொல்கிற குடித்தனக்காரர் ஓனருக்குப் பல ஆயிரம் மிச்சப்படுத்துகிறார். சொல்லாமல் விட்டுவிட்டு, காலி செய்யும்போது கப்போர்டு பின்பக்கம் பூஞ்சை பூத்துக் கிடப்பதைக் காட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். புது ஓனருக்கு நீ சொல்லக்கூடிய மிக உபயோகமான செய்தி இது, கட்டாயம் எழுது.

சமையலறைத் தரையில் ஒரு டைல் உடைந்திருக்கிறது. டைல் உடைந்தாலே குடியிருந்தவர் மேல் பழி போடக்கூடாது. ஒரு ரூபாய் நாணயத்தால் டைலைச் சுற்றித் தட்டிப் பார். டொக்கு டொக்கென்று உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் கேட்டால், அடியில் சிமென்ட் சரியாகப் பிடிக்கவில்லை. அது பதித்தவரின் குறை, என்றைக்காவது விரியும், தூக்கும். சத்தம் கெட்டியாக இருந்து, ஒரே இடத்தில் சில்லு பெயர்ந்து, அங்கிருந்து நாலாபக்கமும் கீறல் ஓடியிருந்தால் மேலே கனமான எதுவோ விழுந்திருக்கிறது. உன் டைல் இரண்டாவது வகை. அவரே, "கிரைண்டர் கல்லு நழுவிடுச்சுக்கா, பணம் கொடுத்துடறேன்" என்றார் என்றாய். பெட்ரூம் ஜன்னல் கொசுவலையும் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. இரண்டுக்குமாக ஆள்கூலியோடு 1,400 ரூபாய் பில் வந்தது. பில்லைக் காட்டி அதைக் கழித்துக்கொண்டாய். அதோடு அது தீர்ந்தது. கணக்குத் தீர்ந்த சேதத்தைக் கடிதத்தில் குறையாக எழுதாதே. "சிறு சேதத்தைத் தானே சொல்லி, செலவை ஏற்றார்" என்று எழுதினால் அது உண்மையாகவும் இருக்கும், அவரைப் பற்றியும் சொல்லும்.

ஹால் சுவரில் டிவி மாட்டிய ஓட்டைகள் இருக்கின்றன. உன்னைக் கேட்டுத்தான் போட்டார், அவரே பட்டி வைத்து அடைத்தும்விட்டார். அதை விட்டுவிடு.

அக்கம்பக்கத்தாரிடம் எப்படிக் கேட்பது

நீ அங்கே குடியில்லை. அதனால் அந்த மூன்று வருஷம் அவர்கள் எப்படிப் பழகினார்கள் என்பது உனக்கு நேரடியாகத் தெரியாது. விசாரித்துத்தான் எழுத வேண்டும். ஆனால், "எப்படி இருந்தாங்க?" என்று பொதுவாகக் கேட்டால், பதில் சொல்பவரின் மனநிலைதான் பதிலாக வரும். அன்றைக்குத் தண்ணீர் லாரி வராத கோபம்கூட அந்தக் குடும்பத்தின் மேல் விழும்.

மூன்று பேரிடம் கேள். ஒருவர் கீழ் வீட்டுக்காரர், அவர் தலைக்கு மேல்தான் இவர்கள் நடந்தார்கள். இன்னொருவர் அசோசியேஷன் செக்ரட்டரி, பணமும் பார்க்கிங்கும் அவருக்குத் தெரியும். மூன்றாவது வாட்ச்மேன். ஒவ்வொருவரிடமும் நடந்ததைக் கேள்: மெயின்டனன்ஸ் எந்தத் தேதிக்குள் வரும், வண்டியை எங்கே நிறுத்துவார்கள், குப்பையைப் பிரித்துக் கொடுத்தார்களா, தண்ணீர் தட்டுப்பாடு வந்தபோது என்ன செய்தார்கள், ஏதாவது புகார் வந்ததா, சொன்னதும் என்ன ஆனது. கடைசிக் கேள்விதான் முக்கியம்.

கீழ் வீட்டு மாமி உன்னிடம், "எப்பப் பாரு சத்தம்" என்றார். 'எப்பப் பாரு' என்பதைக் கொஞ்சம் பிரித்துக் கேட்கச் சொன்னேன். எப்போது, என்ன சத்தம் என்று நீ கேட்டதும், சாயங்காலம் குழந்தை மூன்று சக்கர சைக்கிளை ஹாலில் ஓட்டும் சத்தம் என்று வந்தது. நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டாய். ஒரு தடவை சொன்னாராம். மறுநாளே தரையில் தடிமனான விரிப்புப் போட்டு, சைக்கிளைக் கீழே கார் நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். "அதுக்கப்புறம் பரவாயில்லை" என்று மாமியே சொன்னார். முதல் வாக்கியத்தோடு நீ திரும்பியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய அநியாயம் செய்திருப்பாய்!

செக்ரட்டரி, மெயின்டனன்ஸ் பாக்கி ஒன்றுமில்லை, இரண்டு தடவை விருந்தாளி இடத்தில் காரை நிறுத்திவிட்டார், சொன்னதும் எடுத்தார் என்றார். அது எழுதும் அளவுக்கு இல்லை.

வாட்ச்மேன் சொன்னதில்தான் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "அந்தம்மா ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் வண்டியில வந்து இறங்குவாங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்தப் பெண் ஓ.எம்.ஆரில் ஷிஃப்ட் பார்க்கிறாள், கம்பெனி வண்டியில் வருகிறாள். எதிர் வீட்டில், "மீன் வாசனை தாங்கலை" என்றார்கள். இவை இரண்டும் கடிதத்தில் வரவே கூடாது. என்ன சாப்பிடுகிறார்கள், என்ன சாதி, என்ன மதம், யார் வந்து போகிறார்கள், பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், இதில் எதுவும் வீட்டு ஓனர் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. 'நாசூக்காக' ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் வேண்டாம். நம் ஊர்களில் எத்தனையோ பேருக்கு வீடு கிடைக்காமல் போவது இந்த ஒரு வார்த்தையால்தான். நீ அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இராதே.

விசாரித்ததில் குறை என்று எது தேறினாலும், எழுதும் முன் அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேள். கீழ் வீட்டார் சொன்னதற்கு அவர் பக்கத்துப் பதில் இருக்கும். யார் சொன்னார்கள் என்று பெயர் சொல்லாதே, விஷயத்தை மட்டும் சொல். கடிதத்திலும், "அக்கம்பக்கத்தில் விசாரித்ததில்" என்று இருந்தால் போதும்.

கடிதம்

எல்லாம் சேர்த்து எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. இப்படி எழுதிப் பார்:

"இவரும் குடும்பமும் என் வேளச்சேரி ஃப்ளாட்டில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தார்கள். வேறு ஊரில் வேலை கிடைத்ததால், முறைப்படி முன்கூட்டியே தெரிவித்துக் காலி செய்கிறார்கள். 36 மாத வாடகையும் முழுமையாக வந்தது. பெரும்பாலும் 5-ஆம் தேதிக்குள் வந்தது. இரண்டாம் ஆண்டில் மூன்று மாதம் தாமதமானபோது முன்பே தெரிவித்து, சொன்ன தேதியில் கொடுத்தார். மெயின்டனன்ஸ், மின்கட்டணப் பாக்கி எதுவும் இல்லை. வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். சுவரில் மழைநீர் கசிந்ததை உடனே தெரிவித்தார். சிறு சேதத்தைத் தானே சொல்லி, செலவை ஏற்றார். அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், குழந்தை விளையாடும் சத்தம் பற்றி ஒருமுறை சொல்லப்பட்டதாகவும், உடனே சரிசெய்ததாகவும் தெரிந்தது. மீண்டும் கேட்டால் இவருக்கு வீடு தருவேன்."

கடைசி வாக்கியத்தை உண்மையாக இருந்தால் மட்டும் எழுது. கோயம்புத்தூர்க்காரர் முதலில் தேடுவது அதைத்தான். சத்தம் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று நீ கேட்பாய். இருக்கட்டும். ஒரு சின்னக் குறையும் அது தீர்ந்த விதமும் இருப்பதால்தான் மற்ற வரிகளைப் படிப்பவர் நம்புவார். கீழே தேதி, உன் பெயர், போன் நம்பர். புது ஓனர் கூப்பிட்டால் போனிலும் இதையே சொல். எழுத்தில் ஒன்று, காதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளாதே.

சரியாக இல்லாத குடித்தனக்காரருக்கு என்ன எழுதுவது என்றும் கேட்டாய். அப்போதும் இதே முறைதான். "மோசமான ஆள், ஏமாற்றுக்காரர்" என்பதெல்லாம் வேண்டாம். "இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தது, அட்வான்ஸில் கழித்தேன்" என்று தொகையோடு எழுது. நிரூபிக்க முடியாத பழியைப் பரப்பினால் அவதூறு வழக்குக்கு இடம் உண்டு. வீடு தரப்போகிறவர் கேட்கும்போது, அவர் நலனுக்காக நல்லெண்ணத்தோடு நடந்ததைச் சொல்வதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதையே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது வேறு, அதைச் செய்யாதே. எழுத நல்லது ஒன்றுமே இல்லை என்றால், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை குடியிருந்தார் என்று மட்டும் எழுதிக் கொடுக்கலாம். படிப்பவருக்குப் புரியும். தொல்லை தீர்ந்தால் போதும் என்று ஒரு பொய்யான பாராட்டை எழுதி இன்னொரு ஓனர் தலையில் கட்டுவதை மட்டும் ஒப்பமாட்டேன்.

கடிதத்தை அட்வான்ஸ் கணக்கோடு முடிச்சுப் போடாதே. "இவ்வளவு கழித்துக்கொள்வதற்கு ஒப்புக்கொண்டால்தான் கடிதம்" என்று சொல்வது மிரட்டல். காலி செய்து ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நீயோ கணக்கை முடித்தே விட்டாய், இனி ஒரு நாளும் தள்ளாதே. அவர்கள் கோயம்புத்தூரில் அட்வான்ஸ் கட்ட அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். இன்றைக்கே 1,400 போக மீதியை அவர் கணக்கில் போட்டுவிட்டு, கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.